ரிப்பீட்டர் பேட்சுக்குப் போகும் நண்பனுக்கு

நீட் ரிசல்ட் வந்ததும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் ஓரிருவர் நாமக்கல்லுக்கோ, ராஜஸ்தானில் உள்ள கோட்டாவுக்கோ கிளம்புவார்கள். மற்றவர்கள் கல்லூரிக்குப் போக, இவர்கள் அதே பாடத்தை இன்னொரு வருடம் படிக்க வேண்டும். நண்பர்கள் பஸ் ஸ்டாண்டில் கூடி, ஒரு வாட்சைக் கையில் கட்டிவிட்டு, “அடுத்த வருஷம் டாக்டராத்தான்டா வரணும்” என்று அனுப்பிவைப்பார்கள். நீட் தேர்வறைக்குள் வாட்சுக்கு அனுமதி கிடையாது. பல விடுதிகளில் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் தினமும் உதவும். டாக்டர் பேச்சை விட்டுவிடலாம். வீட்டிலேயே அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை களைத்துப் போயிருக்கும்.

அங்கே பெரும்பாலும் வாரந்தோறும் மாதிரித் தேர்வு இருக்கும். நீட்டில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். ஒருவன் எல்லாவற்றுக்கும் விடை குறித்து, 120 சரி, 60 தவறு என்று வைத்துக்கொள்வோம். 480இல் 60 போய் 420தான் நிற்கும். அந்தத் தவறுகளில் 40 கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தால் 460 வந்திருக்கும். பள்ளித் தேர்வில் எதையும் விடாமல் எழுதிப் பழகிய பிள்ளைக்கு எதை விடுவது என்று பிடிபடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். சில மையங்களில் அந்த மதிப்பெண்ணை வைத்தே பேட்ச் மாற்றிவிடுகிறார்கள். ஊரில் முதல் ரேங்க் வாங்கியவன் அங்கே மூன்றாவது பேட்சில் உட்காரும்போது, அதை யாரிடம் சொல்வான்?

மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் பேசியவன், “டயர்டா இருக்குடா, அப்புறம் பேசுறேன்” என்று இரண்டு நிமிடத்தில் வைக்க ஆரம்பித்தால் கவனியுங்கள். “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். கோயில் திருவிழாவையும் கிரிக்கெட்டையும் பேசுங்கள், அவனே மனம் திறப்பான். தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, நான் இருந்து என்ன பயன் என்கிற பேச்சு வந்தால் ரகசியம் காக்க வேண்டாம். அன்றைக்கே அவன் பெற்றோரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

கட்டிய பணம் போய்விடுமே என்றுதான் பல வீடுகளில் பிள்ளையைத் திருப்பி அழைக்கத் தயங்குகிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல் இதற்கு வழி சொல்கிறது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை, மையத்தின் விடுதி, மெஸ் பணம் உட்பட, 10 நாளில் திருப்பித் தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்து பேட்ச் பிரிக்கவும் கூடாது என்கிறது. பணம் கட்டும்போதே இதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வழியனுப்பப் போகும் நண்பர்களே, அவன் விடுதியில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போன் கொடுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு வாரம் முறை வைத்து அவனைக் கூப்பிடுங்கள்.