திரை மாறலாம், கண்ணாடி மாறக்கூடாது

விளம்பரங்களில் வரும் செல்போன் படங்களைக் கவனியுங்கள். திரையில் தெரியும் காட்சி பெரும்பாலும் படம் எடுத்தபோது அங்கே இருந்ததில்லை, பின்னால் ஒட்டியதுதான். ஒட்டிய வேலை பல்லிளிப்பது இரண்டு இடங்களில். ஒன்று, போன் சாய்ந்திருக்கும் கோணத்துக்குக் காட்சி பொருந்தாமல் நிற்பது. மற்றொன்று, கண்ணாடியின் பளபளப்பு காணாமல் போவது.

பாதி வேலை கேமராவிலேயே முடிந்துவிடும். போனை அணைத்துவிட்டுப் படம் எடுக்க வேண்டும். அப்போது கறுப்புத் திரையில் பதிவது ஜன்னல் வெளிச்சமும் விளக்கின் பிரதிபலிப்பும் மட்டுமே. பிற்பாடு நமக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

மேஜைமேல் சாய்த்துவைத்த ஒரு போனை எடுத்துக்கொள்வோம். திரையின் குறுக்கே ஜன்னல் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்திருக்கிறது. போட்டோஷாப்பில் இந்தப் படத்துக்கு மேல் புதிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து, Convert to Smart Object கொடுத்துவிடுங்கள். எத்தனை முறை வளைத்தாலும் தரம் குறையாது. அடுத்து Edit > Transform > Distort மூலம் நான்கு மூலைகளையும் தனித்தனியே இழுத்துப் பொருத்த வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். இன்றைய போன்களின் திரை மூலைகள் வளைந்தவை. வளைவின்மேல் மூலையை வைத்தால் கோணம் கெடும். நேர் விளிம்புகளை மனதில் நீட்டிப்பார்த்து, அவை சந்திக்கும் புள்ளியில் வைக்க வேண்டும். வெளியே துருத்தும் பகுதியை மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம்.

இனி பளபளப்பு. முதல் படத்தின் நகல் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, திரைப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, லேயர் முறையை Screen என்று மாற்றுங்கள். இந்த முறையில் கறுப்பு முழுக்க மறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அடியிலுள்ள காட்சியோடு சேரும். உண்மையான கண்ணாடியிலும் நடப்பது இதுதான்: திரையின் ஒளியும் பிரதிபலித்த ஒளியும் ஒன்றாகக் கண்ணுக்கு வருகின்றன.

பட்டையின் வெளிச்சம் 255-க்கு 100 என்று கொள்வோம். அதன் அடியில் 30 அளவுள்ள இருண்ட பகுதி இருந்தால் அது 118 ஆகிவிடும், பட்டை பளிச்சென்று தெரியும். 200 அளவுள்ள வெளிர் பகுதியோ 222-ஐத்தான் தொடும், பட்டை மங்கிவிடும். வெள்ளைப் பின்னணி கொண்ட செயலியில் பளபளப்பு அடங்கித் தெரிவது இயல்பே. வலுக்கட்டாயமாகக் கூட்டினால்தான் போலியாகத் தோன்றும்.

காட்சி முழுவதும் வெளிறிப்போனால், அணைத்த திரை முழுக்கறுப்பாக இல்லை என்று பொருள். மேல் லேயரில் Levels திறந்து, கறுப்பு முனையைச் சற்றே வலப்புறம் நகர்த்தினால் சாம்பல் மூட்டம் விலகும். அளவு மீறினால் பட்டையின் மென்மையான ஓரமும் வெட்டுப்பட்டுவிடும்.

போன் எரிந்த நிலையில் எடுத்த படம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் இந்த வழி உதவாது. பழைய காட்சியும் பிரதிபலிப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பட்டையைப் புதிதாக வரைந்துதான் ஆக வேண்டும்.