பாஸ்புக்கில் ‘295.00’ என்று ஒரு வரி இருக்கா? வரிக்கு வரி படிக்கலாம் வாங்க

வேலை மாறின பலர்கிட்ட பழைய சம்பள அக்கவுன்ட் ஒண்ணு அப்படியே கிடக்கும். புது கம்பெனி வேற வங்கியில் அக்கவுன்ட் திறந்து கொடுத்திருக்கும். பழையதில் ஆயிரமோ ரெண்டாயிரமோ இருக்கும், “இருந்துட்டுப் போகட்டும்”னு விட்டிருப்போம். போன் மாத்தினதில் அந்த வங்கியோட ஆப்பும் போயிருக்கும். இந்த மாதிரி அக்கவுன்ட்லதான் பணம் சத்தமில்லாம கரையும். எங்கே கரைஞ்சுதுன்னு பாஸ்புக் சொல்லும். ஆனா அதில் இருக்கிற சுருக்கெழுத்துகளைப் படிக்கத் தெரியணும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். கணக்கு நாமளே போட்டது, ஆனா இதே மாதிரி வரிகளை நிஜ பாஸ்புக்கிலும் பார்க்கலாம். ஒருத்தர் மார்ச்சில் வேலை மாறினார். பழைய அக்கவுன்ட்டில் 1,640 ரூபாய் இருந்தது. ஜூலை முதல் வாரம் பாஸ்புக்கை என்ட்ரி போட்டப்போ வந்தது இது:

```
DATE   PARTICULARS        DR      CR      BAL
       B/F                             1640.00
05-04  ACH DR RTN CHG   295.00         1345.00
05-05  ACH DR RTN CHG   295.00         1050.00
25-05  PMSBY             20.00         1030.00
05-06  ACH DR RTN CHG   295.00          735.00
30-06  INT.PD                    7.00   742.00
```

மூணு மாசத்தில் 1,640 ரூபாய் 742 ஆயிடுச்சு. அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கலை. ஒவ்வொரு வரியா பார்ப்போம்.

B/F, DR, CR

B/F என்றால் முந்தைய பக்கத்திலிருந்தோ பழைய பாஸ்புக்கிலிருந்தோ கொண்டு வந்த இருப்பு. புது பாஸ்புக் வாங்கும்போது பழைய புத்தகத்தோட கடைசி இருப்பும் இந்த எண்ணும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. DR என்றால் அக்கவுன்ட்டிலிருந்து போனது, CR என்றால் வந்தது. சில வங்கிகளில் இதையே TO, BY என்று போடுவாங்க. TO TRANSFER என்றால் பணம் போயிருக்கு, BY TRANSFER என்றால் வந்திருக்கு. BY CLG என்றால் நீங்க போட்ட செக் பாஸாகி பணம் வந்திருக்கு என்று அர்த்தம்.

ACH DR RTN CHG

இந்தக் கதையின் வில்லன் இதுதான். மாசாமாசம் தானாகப் பணம் பிடிக்கச் சொல்லி நாம கையெழுத்துப் போட்டோ ஓடிபி கொடுத்தோ அனுமதி தருவோம் இல்லையா, எஸ்ஐபிக்கும் இஎம்ஐக்கும்? அதுக்குப் பேர் மேண்டேட். அது நாச் என்ற அமைப்பு வழியாகப் போகும். வங்கியைப் பொறுத்து பாஸ்புக்கில் NACH, ACH, ECS என்று ஏதாவது ஒண்ணு வரும். வெறும் ACH DR என்றால் பணம் பிடிச்சாச்சு. அதோட RTN என்று சேர்ந்து வந்தால், கேட்ட தொகை இல்லாமல் கோரிக்கை திரும்பிப் போயிடுச்சு. CHG என்பது அதுக்கான அபராதக் கட்டணம்.

நம்ம உதாரணத்தில் அவருக்கு 5-ஆம் தேதி 2,000 ரூபாய் எஸ்ஐபி. வேலை மாறினார், மேண்டேட்டை மாத்தலை. அக்கவுன்ட்டில் 2,000 இல்லை, அதனால திரும்பிடுச்சு. கட்டணம் 250 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி 45 ரூபாய், மொத்தம் 295. இந்தக் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். ஆனா 250 வாங்கும் வங்கியில் இந்த 295-ஐ பார்த்த உடனே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். 590 என்று இருந்தால் ரெண்டு தடவை திரும்பினதுக்குச் சேர்த்துப் பிடிச்சிருக்காங்க என்று சந்தேகப்படலாம். இருப்பு போதாத அக்கவுன்ட்டில் கட்டணத்தை நிலுவையில் வெச்சிருந்து, அடுத்து பணம் வந்ததும் வங்கி எடுத்துக்கும். “இன்னைக்குத்தான் பணம் போட்டேன், உடனே எதுக்குப் பிடிச்சாங்க?” என்ற கேள்வி பல நேரம் இதனாலதான் வருது.

மூணு தடவைக்கு 885 ரூபாய் போச்சு. மூணு மாச முதலீடும் நடக்கலை. மாதாந்திர எஸ்ஐபி தொடர்ந்து மூணு தடவை திரும்பினால் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமே அதை ரத்து பண்ணிடும், அதனால இங்கே இழப்பு இத்தோட நிற்கும். இதுவே கடன் இஎம்ஐயாக இருந்தால், கடன் கொடுத்தவங்க தனியா அபராதம் போடுவாங்க, கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

சரி பண்ண ரெண்டு இடத்துக்குப் போகணும். முதல்ல ஃபண்ட் நிறுவனத்தில் எஸ்ஐபியை நிறுத்துங்க, இல்லைன்னா புது அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. அப்புறம் பழைய வங்கியில் மேண்டேட்டை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் கொடுங்க. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMRN என்று ஒரு தனி எண் உண்டு. அதைக் குறிப்பிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

PMSBY

20 ரூபாய்தானே என்று தாண்டிப் போயிடாதீங்க. இது பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கிற காப்பீடு. எப்பவோ ஒரு தடவை சம்மதம் கொடுத்திருப்பீங்க. ஒவ்வொரு வருஷமும் மே கடைசி வாரத்தில் தானாகப் பிடிப்பாங்க, ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை பாதுகாப்பு. PMJJBY என்று 436 ரூபாய் போயிருந்தால் அது ஆயுள் காப்பீடு. அக்கவுன்ட்டில் பணம் இல்லாமல் பிடிக்க முடியலைன்னா பாதுகாப்பு நின்னுடும். அதனால ஜூனில் இந்த வரி இருக்கான்னு பார்க்கிறது, போன பணத்தைத் தேடறதைவிட முக்கியம். இந்தக் காப்பீடு இருக்குன்னு வீட்டில் தெரியாமலே இருந்தால், நாளைக்கு யார் போய்க் கேட்பாங்க?

INT.PD

சேமிப்புக் கணக்கு வட்டி. 2010 ஏப்ரலிலிருந்து இதை தினசரி இருப்பு மேல் கணக்குப் போடறாங்க. 2.5% வட்டி என்று வெச்சுக்கிட்டால், மேலே குறையக் குறைய இருந்த இருப்புக்கு மூணு மாசத்துக்கு 6.74 ரூபாய் வருது. அதை 7 என்று போட்டிருக்காங்க. வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணும்போது, ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கிற இந்த வரிகளைக் கூட்டினால் அந்த அக்கவுன்ட்டோட வட்டி வருமானம் கிடைச்சிடும்.

யூபிஐ வரிகள் நீளமா, `UPI/DR/` என்று தொடங்கி, 12 இலக்க எண், எதிராளி பெயரில் பாதி என்று வரும். பெயர் வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. பணம் தவறிப்போனதுக்குப் புகார் கொடுக்கும்போது அந்த 12 இலக்க எண்தான் கேட்பாங்க.

என்ட்ரி போடும்போது

இப்ப நிறைய கிளைகளில் மெஷின் இருக்கு. பாஸ்புக் அட்டையில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். இல்லைன்னா கவுன்ட்டரில் கேளுங்க, ஒட்டித் தருவாங்க. கடைசியா பிரிண்ட் ஆன பக்கத்தைத் திறந்து உள்ளே விடுங்க. பக்கம் முடிஞ்சால் அடுத்த பக்கத்தைத் திருப்பி விடச் சொல்லும். நடுவில் இழுக்காதீங்க.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. எதுவரைக்கும் பிரிண்ட் ஆச்சுன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சுக்கும். மை இல்லாமல் வரி மங்கலா விழுந்தாலும், ஒரு வரி மேல இன்னொரு வரி விழுந்தாலும், அதைப் பொறுத்தவரை பிரிண்ட் முடிஞ்சுது. மறுபடி விட்டால் அந்த வரிகள் வராது. அதனால அங்கேயே நின்னு பாருங்க. சரியில்லைன்னா அப்பவே கவுன்ட்டரில் சொல்லி மறுபடி பதிஞ்சு தரக் கேளுங்க.

இன்னொண்ணு, ரொம்ப நாள் விட்டுட்டுப் போனால் சில வங்கிகளில் பழைய வரிகளையெல்லாம் சேர்த்து ‘மொத்தம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது’ என்று ஒரே வரியா போட்டுடுவாங்க. நம்ம 295 அதுக்குள்ள காணாமப் போயிடும். அப்போ ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கறதைத் தவிர வழியில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வாரங்களில் போட்டால் போதும். காலாண்டு வட்டியும் அதில் வந்திடும்.

அப்போ ஆப் வேண்டாமா?

வேணும். மோசடியா பணம் போனால் அந்த நிமிஷமே தெரியணும், அதுக்கு எஸ்எம்எஸ்ஸும் ஆப்பும்தான் சரி. பாஸ்புக்கை நம்பி மூணு மாசம் காத்திருக்க முடியாது. தினமும் ஓடுற சம்பள அக்கவுன்ட்டுக்கும் ஆப் போதும். ஒரு டீ, ஒரு ஆட்டோ என்று யூபிஐ வரிகளிலேயே பாஸ்புக் தீர்ந்துடும்.

பாஸ்புக் ஜெயிக்கிறது ஓடாத அக்கவுன்ட்டில். நம்ம பழைய அக்கவுன்ட் ஒண்ணு, ஊரில் இருக்கிற அம்மா அப்பாவோட அக்கவுன்ட் இன்னொண்ணு. அவங்க போனில் ஆப் போட்டு, பின் நம்பரை நாம தெரிஞ்சு வெச்சுக்கிறது ரெண்டு பேருக்குமே ஆபத்து. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்க எந்த ரகசிய எண்ணும் வேண்டாம், அவங்க பணத்தைத் தொடவும் முடியாது. ஓய்வூதியம் வந்ததா, தெரியாத காப்பீட்டுக்கு ஏதாவது பிடிக்கிறாங்களான்னு நாலு பக்கத்தில் தெரிஞ்சிடும்.

அதோட, முதல் பக்கத்தில் கணக்கு எண், கிளை, ஐஎஃப்எஸ்சி எல்லாம் இருக்கும். நாமினி பதிவு பண்ணியிருந்தால் அதையும் நிறைய வங்கிகள் அங்கே குறிச்சிருக்கும். ஒருத்தர் திடீர்னு இல்லாமப் போனால் அவரோட போன் பூட்டித்தான் கிடக்கும். இப்படி ஒரு அக்கவுன்ட் இருக்குன்னு குடும்பத்துக்குச் சொல்றது பீரோவில் இருக்கிற அந்தப் புத்தகம்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவோட பாஸ்புக்கை எடுத்து, DR பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே ஒரு தடவை படிங்க. புரியாத சுருக்கெழுத்து ஏதாவது இருந்தால், கணக்கு எண்ணையும் பெயரையும் மறைச்சுட்டு அந்த வார்த்தையை மட்டும் கமென்ட்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் சேர்த்துப் பார்த்திடுவோம்.