டியோடரன்ட் டப்பாவுக்குள் இருப்பது என்ன?

டியோடரன்ட் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே திரவம் அலம்புவது கேட்கும். அது முழுவதும் வாசனைத் திரவியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பல பாடி ஸ்ப்ரேக்களில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ பியூட்டேன், புரோபேன் வாயுக்கள்தான். சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள், அதேபோல் அழுத்தித் திரவமாக்கப்பட்டவை. மிச்சம் ஆல்கஹாலும் நறுமணமும்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சிலிண்டர் வாயு கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றமுள்ள ஒரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். டியோடரன்டில் அந்த நாற்றம் இருக்கக் கூடாது என்பதால் மணமே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்த வாயுவை நிரப்புகிறார்கள். அதனால் அது கசிந்தால் மூக்குக்குத் தெரியாது.

பியூட்டேன் சுமார் −0.5 டிகிரி செல்சியஸிலும் புரோபேன் −42 டிகிரியிலும் கொதிக்கின்றன. நம் அறையின் வெப்பத்தில் இவை ஆவியாகியே தீர வேண்டும்; மூடிய டப்பாதான் விடுவதில்லை. கொஞ்சம் ஆவியாகி மேலே நிறைந்து, திரவத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. பொத்தானை அழுத்தியதும் வால்வு திறக்கிறது. அடிவரை நீளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகத் திரவம் ஏறி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையால் வெளியே பாய்கிறது. வெளிக்காற்றைத் தொட்ட நொடியில் பியூட்டேன் கொதித்து இருநூறு மடங்குக்கு மேல் விரிந்து, கூடவே வந்த ஆல்கஹாலையும் நறுமணத்தையும் பொடிப்பொடியாகச் சிதறடிக்கிறது. அவ்வளவு மென்மையான தூவல் கிடைக்கத் துளை சிறிதாக இருப்பது மட்டும் காரணமல்ல. அந்தக் கொதிப்புக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

உடலில் பட்டதும் சில்லென்று இருப்பதற்கும் அதுவே காரணம். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அது துளிகளிடமிருந்தும் தோலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். தோலை ஒட்டிப் பிடித்து விடாமல் அடித்தால் உறைபனி பட்டதுபோன்ற குளிர்ப்புண் வரும். விளையாட்டாக அப்படிச் செய்து காயப்பட்ட பதின்வயதினரைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

திரவம் குறையக் குறைய இன்னும் கொஞ்சம் ஆவியாகி வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. அதனால் முதல் நாள் வந்த வேகமே கடைசி வரை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அழுத்தப்பட்ட காற்றையோ நைட்ரஜனையோ நிரப்பிய டப்பாக்களில் இந்த வசதி இல்லை. போகப் போக வேகம் குறைந்து துளிகள் பெரிதாகும். சாதாரண டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பதும் வீண். குழாயின் நுனி திரவத்துக்கு வெளியே வந்துவிடுவதால் வாயு மட்டும் போய்விடும். பிறகு ஆட்டினால் திரவம் அலம்பும், அழுத்தினால் ஒன்றும் வராது.

பளபளக்கும் டப்பாவில் தையலோ ஒட்டோ இருக்காது. தடித்த நாணயம் போன்ற அலுமினிய வில்லையை ஒரே அடியில் அழுத்தி, சுவர் மேலெழும்படி குழலாக்குகிறார்கள். நேர் உருளையாக இருக்கும்போதே அதன்மேல் அச்சிட்டுவிடுகிறார்கள்; கழுத்தைக் குறுக்குவது அதற்குப் பின்புதான். குறுக்கும்போது தோள்பகுதியில் எழுத்து நெளியும் என்பதால், பெயரும் எச்சரிக்கைகளும் நேரான பகுதியிலேயே இடம்பெறுகின்றன.

முன்பெல்லாம் தீப்பிடிக்காத குளோரோஃபுளோரோகார்பன்களையே நிரப்பினார்கள். அவை ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். 1978இல் அமெரிக்கா ஸ்ப்ரேக்களில் அவற்றைத் தடை செய்தது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இன்றைய டியோடரன்ட் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்த வாயு எளிதில் தீப்பற்றும்.

லேபிளில் இருக்கும் 50 டிகிரி எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளழுத்தம் இரு மடங்குக்குக் குறையாமல் உயரும். தொழிற்சாலையிலேயே டப்பாக்களை வெந்நீர்த் தொட்டியில் முக்கி, 50 டிகிரியில் எழும் அழுத்தத்துக்குக் கொண்டுபோய், குமிழி வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்த அளவையும் தாண்டிச் சூடாகும். டப்பாவின் அடிப்பாகம் உள்ளே குழிந்திருப்பது அழுத்தத்தைத் தாங்குவதற்காக. அது வெளியே புடைத்திருந்தால் டப்பா தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதைப் பயன்படுத்தாமல், நெருப்பில்லாத நிழலான வெளியிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

தீர்ந்துபோன டப்பாவிலும் பியூட்டேன் ஆவி மிஞ்சியிருக்கும். அதை ஆணியால் குத்தாதீர்கள். தெருவோரம் எரியும் குப்பையில் போடாதீர்கள். சீறல் நிற்கும்வரை திறந்தவெளியில் அழுத்திவிட்டு, உலோகக் குப்பையோடு தனியாகக் கொடுத்துவிடுங்கள்.