‘சிங்கிள் ஓனர், கண்டிஷன் சூப்பர்!’ - செகண்ட் ஹேண்ட் வண்டி போஸ்ட்டை எப்படிப் படிக்கணும்?

ஆரணியில் சேலையை நெய்து முடிச்சு முதலாளிகிட்ட கொடுக்கவும், அடுத்த பாவு வாங்கிட்டு வரவும் வீட்டுக்கு ஒரு டூ-வீலர் வேணும். 40 ஆயிரம் ரூபாய்னா, அது பல சேலைகளுக்கான கூலி. அதனால ஆட்டோ கன்சல்டிங்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுற பளபள போட்டோவைப் பார்த்ததும் ஆசையோடு பயமும் வருது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது போஸ்ட் போட்டவரோட வேலை. அவர் எதைக் காட்டணும், நீங்க எதைக் கேட்கணும்?

வீடியோவுல ஸ்டார்ட் ஆகட்டும்

கழுவித் துடைச்ச வண்டி போட்டோவுல எல்லாமே புதுசுதான். நல்ல டீலர், காலையில ஆறிக் கிடக்கிற இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் பண்றதை வெட்டாம வீடியோ எடுப்பார். ஏற்கெனவே சூடாக்கி வச்ச இன்ஜின்ல ஸ்டார்ட்டிங் பிரச்னை தெரியாது. சைலன்சர்ல நீலப் புகை விடாம வந்தா, இன்ஜின் ஆயிலை எரிக்குதுன்னு அர்த்தம். குளிர்ல கொஞ்ச நேரம் வெள்ளையா ஆவி வந்து நின்னுட்டா பயப்பட வேண்டாம்.

நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு மீட்டர் வரைக்கும் ஒரே ஷாட்ல வரணும். ‘வலது பக்கம் கீறல் இருக்கு, பேட்டரி வீக்’னு குறையையும் சொல்ற போஸ்ட்டை கூடுதலா நம்பலாம்.

மீட்டர் பொய் சொல்லும், டயர் சொல்லாது

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். மார்ச் 2019-ல் பதிவான ஸ்கூட்டர். ஜூன் 2025-ல் வந்த போஸ்ட்ல ‘24,000 கி.மீ மட்டுமே’னு இருக்கு. கூடவே இருக்கிற சர்வீஸ் பில்லுல ஜூலை 2022-லேயே 21,800 கி.மீ. அதாவது முதல் 40 மாசத்துல மாசம் சுமார் 545 கி.மீ ஓடின வண்டி, அடுத்த 35 மாசத்துல மொத்தமே 2,200 கி.மீ-தான் ஓடியிருக்கு. பழைய வேகத்துலயே ஓடியிருந்தா இப்போ 40 ஆயிரத்தைத் தாண்டியிருக்கணும்.

ஒருவேளை வண்டி சும்மா நின்னிருக்கலாம். அதைப் பின் டயர்ல பார்க்கலாம். டயர் ஓரத்துல நாலு இலக்க எண் இருக்கும். 0924-ன்னா 2024-ம் வருஷத்தோட 9-வது வாரத்துல தயாரானது. நின்ன வண்டிக்கு எதுக்குப் புது டயர்? அதுவும் பட்டன் தேய்ஞ்சிருந்தா, 2,000 கி.மீ-ல அது நடக்காது. மீட்டர்ல கை வச்சிருக்காங்க.

நிஜமாவே மீட்டர் கெட்டு மாத்தியிருந்தா, பழைய ரீடிங் எழுதின பில் இருக்கும். நேர்மையான டீலர் அதையும் போஸ்ட்லயே காட்டுவார். தெரு மெக்கானிக்கிட்டயே சர்வீஸ் பார்த்த வண்டிக்கு பில் இருக்காது. அப்போ விலையைக் குறைச்சுப் பேசுங்க, உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க.

ஆர்.சி-ல யார் பேர்?

போஸ்ட்ல வண்டி நம்பர் தெரிஞ்சா, mParivahan ஆப்ல போட்டு எத்தனாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எப்போ முடியுது, கடன் இருக்கானு பார்க்கலாம். கடன் இருந்தா, ஃபைனான்ஸ் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் கொடுத்து ஹெச்.பி கேன்சல் ஆகணும்.

பெரிய சிக்கல், ‘ஓபன் ஃபார்ம்’. பழைய ஓனர் படிவம் 29, 30-ல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். டீலர் அதை அப்படியே உங்க கையில தருவார். “அப்புறமா மாத்திக்கலாம் தம்பி”ன்னு சொன்னா தலையாட்டாதீங்க. சட்டப்படி விக்கிறவர் 14 நாளுக்குள்ளயும் (வேறு மாநிலம்னா 45 நாள்), வாங்குறவர் 30 நாளுக்குள்ளயும் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும். ஆர்.சி-ல பேர் இருக்கிறவர்தான் விபத்துக்குப் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள மாத்தலைன்னா, உங்க வண்டி சேதத்துக்கான க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. அங்கீகாரம் வாங்கின டீலர்கிட்ட ஓனர் வண்டியை ஒப்படைச்சதும் படிவம் 29சி மூலமா ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும். அதுக்கப்புறம் வித்து முடிக்கிற வரை டீலரே ஓனராக் கருதப்படுவார்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி, “அண்ணே, 29சி போட்டிருக்கீங்களா? பேர் மாத்தி ஆர்.சி எப்போ கிடைக்கும்?”னு கேளுங்க. தேதியை ரசீதுலயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா, அட்வான்ஸைப் பையிலயே வச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.