உறைந்த கடலின் மேலே, உறைந்த மண்ணுக்குள்ளே: ஒரு திருட்டுப் பார்வை!

ஒரு கப்பலை யாராவது வேண்டுமென்றே பனியில் சிக்கவைப்பார்களா? வைத்தார்களே! 1997 அக்டோபரில் கனடாவின் ‘தே க்ரோசெலியே’ என்ற பனி உடைக்கும் கப்பல், அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடலில் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. ஓராண்டு முழுக்க அந்தப் பாளம் போன பக்கமெல்லாம் அதுவும் மிதந்தது. ‘ஷீபா’ என்ற அந்த ஆய்வில் என் மனம் கவர்ந்தது கப்பலல்ல, பக்கத்தில் பனிமேல் குறித்திருந்த 200 மீட்டர் கோடு!

ஆய்வாளர் டான் பெரோவிச்சும் குழுவினரும் அந்தக் கோட்டில் இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை நின்று ஒளியை அளந்தார்கள். கருவி முதலில் வானத்தைப் பார்க்கும். பிறகு தலைகீழாகத் திரும்பித் தரையைப் பார்க்கும். தரை திருப்பி அனுப்பும் ஒளியை, வானிலிருந்து விழும் ஒளியால் வகுத்தால் ஆல்பிடோ கிடைத்துவிடும். அளப்பவரின் நிழல் விழுந்தாலோ, கருவி கொஞ்சம் சாய்ந்தாலோ எண் கெட்டுப்போகும்.

வசந்தத்தில் கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே எண்: 0.8 முதல் 0.9 வரை. மே கடைசியில் ஒரு மழை பெய்தது, உருகல் தொடங்கிவிட்டது! பனிமேல் நீலக் குட்டைகள் தோன்றின. கோடையில் சராசரி 0.4 அளவுக்கு இறங்கியது. ஆழமான, கறுத்த குட்டைகளில் 0.1 கூட வந்தது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பதுதான் பெரிய சுவாரசியம். ஜூனில் சதுர மீட்டருக்கு 300 வாட் வெயில் என்று வைத்துக்கொள்வோம். ஆல்பிடோ 0.85 என்றால் பனி உறிஞ்சுவது 45 வாட். 0.5 என்றால் 150. கூடுதலாகச் சேரும் 105 வாட் முழுவதும் உருக்கலுக்கே போனால், ஒரே நாளில் 3 சென்டிமீட்டர் பனி காலி! உருகிய நீர் குட்டையை அகலமாக்கும், அகலமான குட்டை இன்னும் வெயிலைக் குடிக்கும். நிஜத்தில் ஒரு பங்கு அடியிலுள்ள கடலுக்குள் இறங்கிவிடும். மேலே மேகம் இருந்தால் விழும் வெயிலே குறைந்துவிடும். அதனால் சுழலின் வேகம் இந்தக் கணக்கைவிடக் குறைவு. இன்னொன்று: கடல்பனி மிகக் குறைவது செப்டம்பரில், வெயில் உச்சம் ஜூனில். ஆகவே குட்டைகள் எவ்வளவு சீக்கிரம் உருவாகின்றன என்பதில்தான் அந்த ஆண்டின் விதி பெரும்பாலும் இருக்கிறது.

ஆனாலும் கடல்பனிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மெல்லிய பனி குளிர்காலத்தில் வேகமாகத் தடிக்கும். புவி குளிர்ந்தால் சில ஆண்டுகளிலேயே கோடைப் பனி மீண்டுவிடும் என்று காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன.

உறைந்த மண்ணுக்கு அந்தக் குணம் கிடையாது. வாங்க, ஃபேர்பேங்க்ஸ் நகரருகே ஃபாக்ஸில் இருக்கும் உறைமண் சுரங்கத்துக்குள் நுழைவோம்! 1960களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் குடைந்தது. கோடையிலும் உருகிவிடாமல் இருக்க உள்ளே குளிரூட்டிகள் ஓடுகின்றன. சுவரில் மாமத், காட்டெருமை எலும்புகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. கூரையிலிருந்து பல்லாயிரம் ஆண்டுப் புல்வேர்கள் தொங்குகின்றன. பனிச் சுவர் மெல்ல ஆவியாக, அதிலிருந்த மண் நுண்தூசியாக உதிர்ந்து தரையில் படிகிறது. மூக்கில் ஏறுவது மக்கிய தொழுவ நாற்றம். அது வெறும் நாற்றமல்ல, பனியுகப் புல்வெளியின் கரிமம்! வடக்கின் உறைமண் முழுவதிலும் இப்படிச் சுமார் 1,50,000 கோடி டன் கரிமம் புதைந்திருக்கிறது. காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சுவரில் மேலிருந்து கீழாக இறங்கும் பளபளப்பான ஆப்பைக் கவனியுங்கள். தூய பனி. வெளியே இது உருகினால் மேலே உள்ள தரை அமிழும், பள்ளத்தில் நீர் தேங்கும். மேலே கடலில் பார்த்த அதே கறுத்த குட்டை! ஆழமாகிவிட்டால் அதன் அடி குளிர்காலத்திலும் உறையாது, கீழுள்ள மண் ஆண்டு முழுக்க இளகிக்கொண்டே போகும். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் நுண்ணுயிர்கள் மீத்தேனை உமிழும். உலர்ந்த மண்ணில் என்றால் கரியமில வாயு. ஏரிப் பனிக்கடியில் சிக்கிய குமிழியைப் பிடித்து அதிலுள்ள கார்பன்-14ஐ அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது மிகக் குறைவாக இருந்தால், வாயு வந்தது போன வருட இலைதழையிலிருந்து அல்ல, பனியுகத்திலிருந்து.

இது ஒரே நாளில் வெடிக்கும் குண்டு என்று பரவும் பேச்சை நான் ஏற்கவில்லை. ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை, புவி சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 2100க்குள் உறைமண் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 1,800 கோடி டன் கரிமம் இருக்கும் என்கிறது. ஆனால் வரம்பு 300 கோடியிலிருந்து 4,100 கோடி வரை விரிகிறது! இவ்வளவு அகலத்துக்கு ஒரு காரணம் நம் கண்முன்னே சுவரிலேயே நிற்கிறது. காலநிலை மாதிரியின் ஒரு கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவு. இந்தப் பனி ஆப்போ சில மீட்டர்தான். மாதிரி மண்ணை மேலிருந்து அடுக்கடுக்காக, மெதுவாக இளக்குகிறது. ஆப்பு உருகித் தரை அமிழ்வது அதன் கண்ணில் படுவதே இல்லை.