ஒரே வடிகால், இரண்டு கூலி

2023 ஆகஸ்ட் 3 அன்று போர்ட் பிளேரில் உள்ள கல்கத்தா உயர் நீதிமன்றச் சுற்று அமர்வு, அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்ய உத்தரவிட்டது. துணைநிலை ஆளுநர் தம் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. தினக்கூலி மஸ்தூர்களுக்கு உயர்ந்த கூலியும் அகவிலைப்படியும் கொடுக்கும்படி 2022 டிசம்பர் 19-இல் பிறப்பித்த உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதே காரணம். மறுநாளே உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. பெரிய பதவியில் இருப்பவர்கள் சம்பந்தப்பட்டதால் இந்தியா முழுக்கச் செய்தியானது. வழக்குக்குக் காரணமான சுமார் 4,000 தொழிலாளர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

அந்தமானில் இவர்களை டி.ஆர்.எம். என்பார்கள். சாலை போடுவதும், மின்கம்பம் நடுவதும், குடிநீர்க் குழாய் பதிப்பதும் இவர்கள் கைதான். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் நிரந்தர மஸ்தூருக்கு மாதச் சம்பளம். இவர்களுக்கு நாள் கணக்கு. இப்படி ஒரு மனிதர் எந்த அளவு மனம் வைத்து வேலை செய்வார் என்ற கேள்விக்கு மேலாண்மைத் துறையில் இரண்டு பழைய விடைகள் இருக்கின்றன. ஒன்று, விக்டர் வ்ரூம் 1964-இல் எழுதிய எதிர்பார்ப்புக் கோட்பாடு. மற்றொன்று, ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இலும் 1965-இலும் எழுதிய சமத்துவக் கோட்பாடு. பாடநூல்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தமான் மஸ்தூரின் விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான விடை தருகின்றன. அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

மழைக்கு முன்னால் சாலையோர வடிகாலைத் தூர்வாரும் ஒரு கேங்கைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 18 வருடமாகத் தினக்கூலியாக இருக்கும் ஒருவர் மண்வெட்டியை ஓங்குவதற்கு முன் மனத்துக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறார் என்பது வ்ரூமின் கருத்து. முயன்றால் இந்த வடிகாலை ஒழுங்காக முடிக்க முடியுமா? முடித்தால் அதற்குப் பலன் ஏதாவது வருமா? வரும் பலன் எனக்கு எவ்வளவு வேண்டியது? மூன்றையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் உயிர். ஒன்று பூஜ்யமானால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

எண் வைத்துப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. அவர் மனதில் முதல் கேள்விக்கு 0.8 வைக்கலாம், கை பழகிய வேலை. நிரந்தரம் ஆவது அவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது, எனவே அதற்கு 100. ஆனால் வடிகாலை நன்றாகத் தூர்வாரினால் நிரந்தரம் கிடைக்குமா என்பதற்கு அவர் மனம் தரும் மதிப்பு 0.02. பெருக்கினால் 1.6. அவருக்கு நல்ல பயிற்சி கொடுத்து 0.8-ஐ முழு 1 ஆக்கினாலும் 2-தான் வரும். நிரந்தரப் பதவியின் சம்பளத்தைக் கூட்டி 100-ஐ 150 ஆக்கினாலும் 2.4-ஐத் தாண்டாது. நடுவில் உள்ள 0.02-ஐ 0.3 ஆக்கினால் மட்டும் 24 ஆகிறது. சங்கிலி அறுந்த இடம் எது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பயிற்சிக்கும் பரிசுக்கும் செலவழிக்கும் மேலதிகாரி, அறாத கண்ணிகளுக்கு முலாம் பூசிக்கொண்டிருக்கிறார்.

அந்த நடுக் கண்ணி எப்போது அறுந்தது என்பதற்குத் தேதியே சொல்லலாம். 1993 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அன்றைக்குப் பணியில் இருந்து, வருடத்தில் 240 நாள் வேலை செய்த தற்காலிகத் தொழிலாளிக்குத் ‘தற்காலிக அந்தஸ்து’ உண்டு. அப்போதைய நான்காம் பிரிவுப் பணியிடங்களில் மூன்றுக்கு இரண்டு அவர்களைக் கொண்டு நிரப்பப்படும். 240 நாள் என்பது எல்லோருக்கும் மனப்பாடமான எண் ஆயிற்று. பிறகு 2002-இல் உச்ச நீதிமன்றம், இது ஒரே ஒரு முறைக்கான திட்டம், தொடர்ந்து ஓடும் திட்டம் அல்ல என்றது. 2006 ஏப்ரல் 10-இல் வந்த உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் வேலைக்கு வந்தவர் எத்தனை வருடம் உழைத்தாலும் நிரந்தரமாக்கக் கோரும் உரிமை இல்லை என்று முடித்தது. பத்து வருடத்துக்கு மேல் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு. எனவே 2006-க்குப் பின் சேர்ந்த மஸ்தூரின் மனதில் 0.02 இருப்பது சோம்பலோ அவநம்பிக்கையோ இல்லை, சட்டத்தைச் சரியாகப் படித்ததன் விளைவு.

அப்படியானால் அவர் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை? வ்ரூமிடம் இதற்கும் பதில் உண்டு. மஸ்டர் ரோலில் பேர் விழுவதற்கும் அன்றைய கூலிக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட 1. வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. ஆனால் வந்த பிறகு எத்தனை அடி தூர்வாரினார் என்பதற்கும் கூலிக்கும் தொடர்பே இல்லை. எனவே வருகை ஒழுங்காக இருக்கும், மண்வெட்டி மெதுவாக விழும். அரசுத் துறைகளில் நாம் காலங்காலமாகப் பார்க்கும் இந்தக் காட்சியை வேலை செய்பவரின் குணக்கேடாகவே பேசி வந்திருக்கிறோம். கூலி எதற்குத் தரப்படுகிறதோ அதுதான் கிடைக்கிறது.

இனி ஆடம்ஸ். அவர் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். நான் போட்டதற்கும் எனக்கு வந்ததற்கும் உள்ள விகிதம், அவர் போட்டதற்கும் அவருக்கு வந்ததற்கும் உள்ள விகிதத்தோடு ஒத்துப்போகிறதா? எல்லோருக்கும் ஒரே கூலி என்பது இங்கே கேட்கப்படவில்லை. பத்து வருடம் மூத்தவருக்குக் கூடுதலாகப் போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. விகிதம் பிசகும்போதுதான் மனம் கசக்கிறது.

இதற்கும் ஒரு கணக்கு. ஏழாவது ஊதியக் குழுவின்படி கடைநிலை மத்திய அரசு ஊழியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம், ஆக 27,000. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 900. இந்த ‘முப்பதில் ஒரு பங்கு’ என்ற சொல் 1988 ஜூன் 7-ஆம் தேதியிட்ட மத்திய அரசு ஆணையிலிருந்து வருகிறது: தற்காலிகத் தொழிலாளியும் நிரந்தர ஊழியரும் ஒரே தன்மையான வேலை செய்தால், எட்டு மணி நேரத்துக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்சச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கும் அகவிலைப்படியும் தர வேண்டும். 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே கொள்கையை உறுதி செய்தது. நம் கேங்கில் உள்ள தினக்கூலிக்காரருக்கு நாளுக்கு 600 என்று வைத்துக்கொண்டால், 900 வாங்குபவரோடு விகிதம் சமமாக அவர் எட்டு மணி நேரத்துக்குப் பதில் 5 மணி 20 நிமிட உழைப்பைத்தான் கொடுக்க வேண்டும். யாரும் கடிகாரம் பார்த்து இப்படிக் குறைப்பதில்லை. டீக்கு ஒதுங்குவது நீள்வதும், தூர்வாரிய மண்ணை வடிகால் ஓரத்திலேயே விட்டுவிடுவதும்தான் அந்தக் கணக்கு வெளியே தெரியும் விதம்.

உழைப்பைக் குறைப்பது ஒரு வழி மட்டுமே. வரவைக் கூட்டச் சொல்லிப் போராடலாம். வழக்குப் போட்ட மஸ்தூர் சங்கம் செய்தது அதைத்தான். ஒப்பிடும் ஆளை மாற்றிக்கொள்ளலாம், ‘கரையில் இந்த வேலையும் கிடைக்காது’ என்று தேற்றிக்கொள்வதுபோல. அல்லது விட்டுவிட்டுப் போகலாம். யார் எந்த வழியை எடுப்பார் என்பதை ஆடம்ஸின் கோட்பாடு சொல்வதில்லை. அதன் பெரிய ஓட்டை அதுதான்.

யாரோடு ஒப்பிடுவார் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆனால் தீவில் அந்தத் தேர்வு அகலமாக இல்லை. நிரந்தர மஸ்தூரும் டி.ஆர்.எம்.மும் ஒரே படகில் வருகிறார்கள், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், மளிகைக் கடைக்காரர் இருவருக்கும் ஒரே விலை சொல்கிறார். உயர் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும்போது டி.ஆர்.எம்.களிலேயே ஒரு பகுதியினருக்கு மட்டும் பலன் கொடுத்தார்கள் என்பது தொழிலாளர் தரப்பின் குறை. அது உண்மையானால் ஆடம்ஸ் கணக்கில் நிலைமை முன்னைவிட மோசம். அதுவரை ஒப்பீடு நிரந்தர ஊழியரோடு. அவர் தேர்வெழுதி வந்தவர் என்று மனதைச் சமாதானப்படுத்த ஓர் இடம் இருந்தது. இப்போது ஒப்பீடு கூடவே சேர்ந்த இன்னொரு டி.ஆர்.எம்.மோடு. சமாதானத்துக்கு இடமே இல்லை.

எல்லோருக்கும் 600 என்பது 900 ஆகிவிட்டது என்று வைப்போம். வடிகால் வேலை மேம்படுமா? வ்ரூம் கணக்கில் மேம்படாது. கூடுதல் 300 ரூபாயும் வருகைக்குத்தான் வருகிறது. எனவே ஆள் இன்னும் தவறாமல் வருவார், மண்வெட்டி பழைய வேகத்திலேயே விழும். ஆடம்ஸ் கணக்கில் மேம்படும். விகிதம் நேரானதும் பிடித்துவைத்திருந்த உழைப்பு திரும்பி வரும்.

யார் சரி? ஆடம்ஸ் 1962-இல் ரோசன்பாமோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். நேர்காணல் எடுக்கும் வேலைக்கு 22 மாணவர்களை மணிக்கு 3.50 டாலருக்கு அமர்த்தி, பாதிப் பேரிடம் ‘இந்தச் சம்பளத்துக்கு உனக்குத் தகுதி போதாது’ என்றார்கள். அவர்கள் மற்றவர்களை விட அதிக நேர்காணல் எடுத்தார்கள். அதிகமாக வாங்குகிறோம் என்ற உறுத்தலைத் தீர்க்கவே உழைத்தார்கள் என்றார் ஆடம்ஸ். தகுதியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் யார்தான் தன்னை நிரூபிக்கப் பார்க்கமாட்டார் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது. அதிகம் வாங்குபவரின் உறுத்தல் சீக்கிரம் மங்கிவிடும். குறைவாக வாங்குபவரின் கசப்புக்குத்தான் வலுவான சான்றுகள் உண்டு. 1990-இல் ஜெரால்ட் கிரீன்பர்க் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் வெட்டினார்கள். ஒன்றில் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் கணக்குக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் தந்தார். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது தொழிற்சாலையில் திருட்டு மிக அதிகமாக உயர்ந்தது. சம்பளம் இரண்டிலும் ஒரே அளவுதான் குறைந்தது.

அதனால் என் கருத்து இது. கூலி உயர்வு, பிடித்துவைத்த உழைப்பைத் திருப்பித் தரும். அதற்கு மேல் புதிதாக ஒன்றைப் பிறப்பிக்காது. முதல் பாதிக்கு ஆடம்ஸ், இரண்டாவது பாதிக்கு வ்ரூம். கேங்கை மேய்க்கும் மேஸ்திரி எந்தப் பிணி என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, ஆட்கள் எதைப் பேசுகிறார்கள் என்று காது கொடுப்பது. ‘செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்றால் நடுக் கண்ணி அறுந்திருக்கிறது. அங்கே நாளொன்றுக்கு இத்தனை மீட்டர் என்று அளந்து கொடுத்து, முடித்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாலே மண்வெட்டி வேகமெடுக்கும். வேலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் அவர் கூடவே நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அளவுக்குக் கூலி என்றதும் தரம் நழுவும். ‘அவனுக்கு மட்டும் எப்படி’ என்று கேட்டால் அந்த வைத்தியம் எடுபடாது. அந்த ஆளுக்கு மீட்டர் கணக்கு, நிரந்தரக்காரருக்கு மாதக் கணக்கு என்று இன்னொரு வேறுபாடுதான் கூடும். அவர் கேட்பது தன் பெயர் பட்டியலில் ஏன் இல்லை, எந்த ஆணையின் எந்தப் பத்தியின்படி இல்லை, எந்தத் தேதிக்குள் வரும் என்பது. அதை மேஸ்திரியால் சொல்ல முடியாது. கோப்பு வைத்திருக்கும் அதிகாரி தளத்துக்கு வந்து, கேள்வி தீரும் வரை நின்று சொல்ல வேண்டும்.