மாமி இரண்டு தடவை மெலிந்தார்

"என்ன, மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?"

கனகாலத்துக்குப் பிறகு சந்திப்பவர் எங்கள் ஊர்களில் முதலில் கேட்பது இதைத்தான். வயிறு முன்தள்ளி வந்தவரிடம் அப்படிக் கேட்பதில்லை. "இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கு, நல்லா இருக்கிறியள் போல" என்று சந்தோஷப்படுவோம்.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காசநோய்க்குப் பழைய பெயர் சயரோகம். சயம் என்றால் தேய்வு. அதற்கு மேல், எங்களுக்கு 2009 இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, ஒட்டிய கன்னம் வெறும் தோற்றம் அல்ல. தன் பங்கைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு இருந்த தாய், இன்று பேரப்பிள்ளையின் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போடுவதை யார் குறை சொல்வது?

ஆனால் இந்தக் கண் சில இடங்களில் பிழைவிடுகிறது. புதுக்குடியிருப்பில் இருக்கும் என் மாமியின் கதை அப்படியானது.

சில வருடங்களுக்கு முன், ஆறு மாதத்துக்குள் அவர் 62 கிலோவிலிருந்து 55 கிலோவுக்கு இறங்கினார். சட்டைகள் தொளதொளத்தன. பசி மட்டும் குறையவில்லை; முன்பைவிடக் கூடச் சாப்பிட்டார். இரவில் நாலைந்து தரம் எழும்பிச் சலம் போனார், தண்ணீர் குடித்தார். வீட்டில் எல்லோரும் "உடம்பைத் தேத்த வேணும்" என்று முட்டைக் கோப்பி, பேரீச்சம்பழம், சீனி போட்ட மால்ட் பானம் என்று கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க மெலிந்தார். கடைசியில் இரத்தம் சோதித்தபோதுதான் நீரிழிவு என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். உடலில் இன்சுலின் போதுமான அளவு வேலை செய்யாவிட்டால், இரத்தத்தில் உள்ள சீனி தசைக்குள் போகாது. அது சலத்தோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம். சீனி கிடைக்காத உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கிறது. மாமிக்குக் கொடுத்த இனிப்புப் பானங்கள் சீனியை ஏற்றினவே தவிர, உடம்பைத் தேற்றவில்லை.

மருந்து தொடங்கியதும் உடம்பு திரும்பியது. எல்லோருக்கும் நிம்மதி. நிறை 64 கிலோவைத் தொட்டபோது கிளினிக்கில் மட்டும் முகம் சுளித்தார்கள். மாமியின் உயரம் 152 சென்ரிமீற்றர். நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் 27.7 வரும். தெற்காசியர்களுக்கு இந்த எண் 23ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அதிக ஆபத்து. கை கால் மெல்லிசாக இருந்தாலும் கொழுப்பு எங்களுக்கு வயிற்றுக்குள் சேரும். அதனால் இடுப்பையும் அளந்தார்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், தையல் நாடாவால். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மாமிக்கு 92.

சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டினார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டார். பின்னேரங்களில் நடந்தார். பத்து மாதத்தில் 58 கிலோ. சீனி அளவும் இறங்கியது. அப்போதுதான் பிரச்சினை தொடங்கியது. கனடாவில் இருக்கும் தங்கை வீடியோவில் பார்த்துவிட்டு அழுதார். "அக்கா, காம்பில இருந்து வந்த மாதிரி இருக்கிறாய்."

முதல் மெலிவு நோய், இரண்டாவது வைத்தியம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் கேள்வியில்தான் வெளிவரும்: முயற்சி செய்து குறைந்ததா, தானாகக் குறைந்ததா? முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இருபதில் ஒரு பங்கு நிறை, அதாவது 60 கிலோக்காரருக்கு 3 கிலோ, குறைந்தால் உடனே காட்ட வேண்டும். தாகமும் அடிக்கடி சலமும் சேர்ந்தால் சீனி பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை என்றால் சளிப் பரிசோதனை. இந்த இடத்தில் ஊராரின் "ஏதும் வருத்தமோ" சரியான கேள்விதான்.

இன்னொன்று. இன்சுலினோ, சீனியை வேகமாக இறக்கும் சில குளிசைகளோ எடுப்பவர் தானாகச் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி மிகவும் இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். மாமியின் குளிசை அளவைக் கிளினிக்கில் இரண்டு தரம் மாற்றினார்கள்.

தங்கை அனுப்பிய மால்ட் ரின் இன்னும் குசினித் தட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மாமி அதில் கரைத்துக் கொடுக்கிறார். போனமுறை நான் போனபோதும் ஒரு பெரிய கப் வந்தது, கூடவே "நீயும் நல்லா மெலிஞ்சு போனாய்" என்ற பேச்சும்.